மைக்ரோ மில்லியானது எப்படி? பிடிஎப்பில் குறியீடுகள் மாறும் கதை

வன்னியில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தான் தயாரித்த பயிற்சித்தாளின் இரண்டு பிரதிகளை என்னிடம் தந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று அவருடைய மடிகணினியில் இருந்த வேர்ட் கோப்பிலிருந்து நேரடியாக அச்சிட்டது. மற்றையது, அதே கோப்பை வட்ஸ்அப்பில் பெற்ற இன்னொருவர் தன் கைத்தொலைபேசியில் பிடிஎப்பாகச் சேமித்து மாணவர்களுக்கு அனுப்பியது. தமிழ் எழுத்தெல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. பத்து நிமிடம் தேடிய பிறகுதான் நான்காம் கேள்வியில் கண் நின்றது.

ஆசிரியர் எழுதியது இதுதான்: 10 μF கொள்ளளவி ஒன்று 100 V அழுத்த வித்தியாசத்துக்கு ஏற்றப்பட்டால் அதில் சேமிக்கப்படும் சக்தி எவ்வளவு? பிடிஎப்பில் அது 10 mF என்று இருந்தது. மைக்ரோ, மில்லியாகிவிட்டது. அரைப்பங்கு CV² என்று கணக்கிட்டால் முதலாவதற்கு விடை 0.05 யூல், இரண்டாவதற்கு 50 யூல். பல்தேர்வு வினா என்பதால் ஐந்து விடைகளுக்குள் இவை இரண்டுமே இருந்தன. பத்தின் அடுக்குகளில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று தெரிந்தே ஆசிரியர்கள் அப்படி விடைகளை வைப்பது வழக்கம். எனவே 50 என்று எழுதிய பிள்ளைக்குப் பிழை போடப்பட்டது. பிள்ளையின் கணக்கில் பிழையே இல்லை.

“சேர், இது தட்டச்சுப் பிழையாக இருக்கலாமே” என்று கேட்டேன். “நான் அடிச்ச கோப்பில இப்பவும் சரியாத்தான் இருக்கு, பாருங்கோ” என்று மடிகணினியைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். கோப்பு சரி, அச்சு சரி, பிடிஎப் மட்டும் பிழை.

பிடிஎப்பை ஒரு புகைப்படம் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். சேமித்துவிட்டால் எங்கே திறந்தாலும் அப்படியே இருக்கும் என்பது நம்பிக்கை. உண்மையில் பிடிஎப்புக்குள் இருப்பது பெரும்பாலும் படமல்ல. “இந்த எழுத்துருவை எடு, அதிலே இந்த எண்ணுக்குரிய உருவை இந்த இடத்தில் வரை” என்ற கட்டளைகள்தான் இருக்கின்றன. எழுத்துரு சரியாக இருந்தால் உரு சரியாக வரும். எழுத்துரு மாறினால், அதே எண் வேறு உருவைத் தரும்.

இதை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது எளிது, ஏனென்றால் நமக்குப் பாமினியைத் தெரியும். இலங்கையில் தொடர்பு நிலையங்களிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்காகத் தமிழ் தட்டச்சு என்றால் அது பாமினிதான். பாமினியில் “அம்மா” என்று தெரியும் சொல்லைக் கணினி சேமித்து வைத்திருப்பது mk;kh என்றுதான். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருக்களை வைத்திருக்கிறது, அவ்வளவே. பாமினி நிறுவப்படாத கணினியில் திறந்தால் mk;kh என்றே தெரியும்.

வேர்டில் கணிதக் குறியீடுகளுக்குப் பலர் பயன்படுத்தும் சிம்பல் எழுத்துரு, அதாவது எழுத்துருப் பட்டியலில் Symbol என்று காணப்படுவது, செய்வதும் இதே வேலைதான். m என்ற எழுத்தின் எண் 109. சாதாரண ஆங்கில எழுத்துருவில் 109 ஆம் இடத்தில் m இருக்கிறது. பாமினியில் அதே இடத்தில் அ இருக்கிறது. சிம்பலில் அங்கே கிரேக்க மியூ, அதாவது μ இருக்கிறது. ஆசிரியர் சிம்பல் எழுத்துருவைத் தெரிவுசெய்து m விசையை அழுத்தினார், திரையில் μ வந்தது. கோப்பில் பதிவானதோ “m, சிம்பல் எழுத்துருவில் காட்டு” என்பது. கைத்தொலைபேசியில் சிம்பல் எழுத்துரு இல்லை. கோப்பைத் திறந்த செயலி, இருந்த வேறோர் எழுத்துருவை எடுத்து 109 ஆம் உருவை வரைந்தது. அது m. தமிழ்ப் பகுதி யூனிகோட்டில் இருந்ததால் அதற்கு எதுவும் நடக்கவில்லை.

அபாயம் இருப்பது இங்கேதான். பாமினி காணாமல் போனால் பக்கம் முழுக்க அலங்கோலமாகிவிடும், யார் பார்த்தாலும் பிழை என்று தெரியும், தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள். சிம்பல் காணாமல் போனால் ஒரேயோர் எழுத்து மாறுகிறது. மாறிய எழுத்தும் அந்த இடத்தில் பொருள் தரக்கூடியதாக இருந்துவிடுகிறது. மைக்ரோவுக்குப் பதில் மில்லி நிற்பதை யார் சந்தேகிப்பார்கள்? பயிற்சித்தாளில் ஒரு புள்ளி போகும். ஒரு மருந்தின் அளவு 250 μg என்பது 250 mg என்று ஒரு கையேட்டில் வந்தால் அது ஆயிரம் மடங்கு.

எல்லாக் குறியீடும் இப்படி மறைந்து நிற்பதில்லை. கோணம் பற்றிய கேள்வியொன்றில் வரும் இந்த வரியைப் பாருங்கள்:

```
0 ≤ θ ≤ π
0 £ q £ p
```

மேலே இருப்பது சிம்பல் எழுத்துருவுடன். கீழே இருப்பது அந்த எழுத்துரு இல்லாமல். கணக்குக்குள் திடீரென்று பவுண் குறி வந்து உட்காருவதை நீங்களும் பார்த்திருக்கலாம். சிம்பலில் ≤ இருக்கும் இடத்தில் சாதாரண எழுத்துருவில் பவுண் குறி இருக்கிறது, θ இருக்கும் இடத்தில் q, π இருக்கும் இடத்தில் p. அதே தர்க்கத்தில் Δ, D ஆகும். α, a ஆகும். பவுண் குறி கண்ணில் குத்தும். D யும் a யும் m உம் குத்தாது.

சரி, எழுத்து மாறாமல் வெற்றுப் பெட்டியோ வெற்றிடமோ வருவது ஏன்? அதே குறியீட்டை வேர்ட் வேறொரு விதத்திலும் சேமிப்பதுண்டு. யூனிகோட்டில் “தனிப்பயன் பகுதி” என்று ஓர் ஒதுக்கிடம் உண்டு. அதில் உள்ள எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது, விரும்பியவர் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். சிம்பல் வகை எழுத்துருக்களின் உருக்களை விண்டோஸ் அங்கேதான், U+F000 முதல் U+F0FF வரை, அடுக்கி வைக்கிறது. அப்படிச் சேமிக்கப்பட்ட μ வின் எண் U+F06D. எழுத்துரு இல்லாத இடத்தில் இந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மாற்று எழுத்துருவில் அந்த இடம் காலியாக இருக்கும். காலி இடத்துக்குச் சில எழுத்துருக்கள் பெட்டி வரையும், சில ஒன்றுமே வரையாது.

ஆகவே நோயைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். பிழையான எழுத்து வந்திருந்தால், எண் அப்படியே இருக்க எழுத்துரு மாறியிருக்கிறது. பெட்டி அல்லது வெற்றிடம் வந்திருந்தால், வந்த எழுத்துருவில் அந்த எண்ணுக்கு உரு இல்லை. பெட்டி வந்தால் நான் சற்று நிம்மதி அடைவேன், பிழை இருப்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. வெற்றிடம்தான் மோசம். √16 என்பதில் வர்க்கமூலக் குறி வெற்றிடமானால் 16 என்றொரு நல்ல எண் மிஞ்சும். −3 இல் கழித்தல் குறி போனாலும் அப்படித்தான்.

எழுத்துரு தொலைவது எந்தக் கட்டத்தில்? அநேகமாகப் பிடிஎப் உருவாக்கப்படும் அந்தக் கணத்தில். ஒரு கோப்பைப் பிடிஎப்பாக மாற்றும் கணினியில் என்ன எழுத்துருக்கள் இருக்கின்றனவோ அவை மட்டுமே அதற்குக் கிடைக்கும். கைத்தொலைபேசிச் செயலியில் மாற்றினால் கைத்தொலைபேசியின் எழுத்துருக்கள். இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளத்தில் ஏற்றினால், எங்கோ இருக்கும் வழங்கியின் எழுத்துருக்கள். அந்த வழங்கியில் பாமினி இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. உங்கள் திரையில் சரியாகத் தெரிவது, அங்கே என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாற்றும்போது சரியாக இருந்து, பிறகு திறக்கும்போது கெடுவதும் உண்டு. எழுத்துருவைப் பிடிஎப்புக்குள்ளேயே பொதித்துவிட்டால் அது நடக்காது. இப்போதைய வேர்ட் பெரும்பாலும் பொதித்தே தருகிறது, அதுவும் முழு எழுத்துருவையல்ல, ஆவணத்தில் பயன்பட்ட உருக்களை மட்டும். ஆனால் சிம்பல் விடயத்தில் ஒரு பழைய சலுகை உண்டு. எந்தப் பிடிஎப் வாசிப்பானிலும் இருக்கும் என்று கருதப்பட்ட 14 நிலையான எழுத்துருக்களில் சிம்பலும் ஒன்று. அதனால் அதைப் பொதிக்காமல் விடுவது நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டு வந்தது. நல்ல வாசிப்பான் தன்னிடமுள்ள அதற்கு நிகரான எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கும். எல்லா வாசிப்பானும் நல்லதல்ல.

உங்கள் பிடிஎப்பில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வழி உண்டு. அடோபி வாசிப்பானில் கோப்பைத் திறந்து, Properties சென்று Fonts என்ற பகுதியைத் திறந்தால் உள்ளே இருக்கும் எழுத்துருக்கள் வரிசையாகத் தெரியும். பெயருக்குப் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தால் பொதிக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு pdffonts என்ற சிறு கட்டளை இதையே இன்னும் தெளிவாகச் சொல்லும். அதன் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும். சில நிரல்களை இங்கே விட்டிருக்கிறேன்:

```
name                type          emb sub uni
BCDEEE+Bamini       TrueType      yes yes no
Symbol              Type 1        no  no  no
BCDFEE+CambriaMath  CID TrueType  yes yes yes
```

emb என்ற நிரலில் no என்று இருப்பது பொதிக்கப்படாத எழுத்துரு. இங்கே ஆபத்தில் இருப்பது இரண்டாம் வரி. uni நிரல், காணும் உருவுக்கு உரிய யூனிகோட் எழுத்து எது என்ற அட்டவணை உள்ளே இருக்கிறதா என்று சொல்கிறது. முதல் வரியில் அது இல்லை. அத்தகைய பிடிஎப்பில் “தமிழ்” என்று கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்காது. jkpo; என்று தேடினால் கிடைக்கும்! பார்வையற்ற மாணவர் ஒருவரின் திரைவாசிப்பான் வாசிப்பதும் அந்த jkpo; ஐத்தான்.

ஆசிரியரின் பிடிஎப்பை இப்படிச் சோதித்தபோது எல்லா எழுத்துருவும் பொதிக்கப்பட்டே இருந்தன. ஆனால் பட்டியலில் சிம்பல் என்ற பெயரே இல்லை. சிம்பல் பயன்படுத்திய கோப்பிலிருந்து வந்த பிடிஎப்பில் சிம்பல் இல்லையென்றால், மாற்றும் வேளையிலேயே வேறொன்று அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். பிழையான m, பத்திரமாகப் பொதிக்கப்பட்டிருந்தது. எழுத்துருக்கள் முழுவதையும் பொதிக்கக் கட்டாயப்படுத்தும் PDF/A வடிவத்தில் சேமித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. நல்ல பழக்கம்தான், வேர்டில் பிடிஎப் சேமிக்கும்போது Options பொத்தானுக்குள் அந்தத் தெரிவு இருக்கிறது. ஆனால் அது இருப்பதைக் காப்பாற்றும், தொலைந்ததை மீட்காது. எழுத்துரு உள்ள கணினியிலேயே மாற்ற வேண்டும்.

இன்னும் நல்ல வழி, சிம்பலை விட்டுவிடுவது. μ வுக்கும் π க்கும் ≤ க்கும் யூனிகோட்டில் சொந்த எண்கள் இருக்கின்றன. சொந்த எண்ணில் சேமித்த μ, எழுத்துரு மாறினாலும் μ வாகவே இருக்கும். உரு சற்று தடித்தோ மெலிந்தோ வரலாம், m ஆகாது. மிஞ்சிப்போனால் பெட்டி வரும். வேர்டில் இதைத் தட்டச்சிடுவது கடினமில்லை. எண்ணைத் தட்டி, உடனே Alt விசையுடன் X ஐ அழுத்தினால் எண் குறியீடாக மாறும்:

```
00B5  µ
03C0  π
03B8  θ
2264  ≤
221A  √
2212  −
```

ஒன்றைக் கவனியுங்கள். 10 க்குப் பின்னால் இடைவெளி விடாமல் 00B5 என்று தட்டினால், வேர்ட் 1000B5 என்ற ஒரே எண்ணாக வாசித்துவிடக்கூடும். இடைவெளி விட்டே தட்டுங்கள். அலகுக்கு முன் இடைவெளி விடுவதுதான் முறையும்கூட.

பழைய கோப்பில் குறியீடு எந்த வகையைச் சேர்ந்தது என்று சந்தேகமென்றால், அந்த வரியைப் பிரதிசெய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேட் வேர்டின் எழுத்துருவைக் கொண்டுவராது, எழுத்தை மட்டும் கொண்டுவரும். μ வாகவே வந்தால் நல்லது. வேறு எதுவாக வந்தாலும் அந்தக் குறியீடு எழுத்துருவை நம்பித்தான் நிற்கிறது. ஆசிரியரின் நான்காம் கேள்வியை இப்படி ஒட்டியபோது 10 mF என்றுதான் வந்தது. பிடிஎப் பொய் சொல்லவில்லை, கோப்பில் இருந்ததையே சொன்னது. அவர் எல்லா μ வையும் திருத்தித் திரும்ப அனுப்பினார், அதே கைத்தொலைபேசியில் அதே செயலியால் பிடிஎப் செய்யச் சொன்னோம். இம்முறை நான்காம் கேள்வி சரியாக வந்தது.

ஆனால் அதே தாளின் ஒன்பதாம் கேள்வியில் ஒரு பின்னம் முழுதாகவே காணவில்லை. அது வேறு கதை. வேர்டின் Insert பட்டியலில் Equation மூலம் போடும் சமன்பாடுகள் சிம்பலைப் பயன்படுத்துவதில்லை. 2007 பதிப்பு முதல் அவை Cambria Math என்ற எழுத்துருவில் அமைகின்றன, சரியான யூனிகோட் எண்களுடன். அவற்றின் சிக்கல், அந்த எண்கள் மிகத் தொலைவில் இருப்பது. சமன்பாட்டில் சாய்ந்து நிற்கும் 𝑥 நம்முடைய சாதாரண x அல்ல, U+1D465 என்ற தனி எழுத்து. இந்தப் பகுதியின் உருக்களைச் சாதாரண எழுத்துருக்கள் வைத்திருப்பதில்லை. கேம்பிரியா மத் இல்லாத இடத்தில், அதற்கு ஈடாக வேறொரு கணித எழுத்துருவும் இல்லாவிட்டால், எழுத்துக்கு எழுத்து பெட்டிதான்.

இந்த வரிசைக்குள் ஒரு வேடிக்கையான ஓட்டையும் இருக்கிறது. சாய்ந்த a, b, c என்று எண்கள் ஒழுங்காகப் போகின்றன, h இன் இடம் மட்டும் காலி. காரணம், பிளாங்கின் மாறிலிக்காகச் சாய்ந்த h ஒன்று U+210E என்ற எண்ணில் ஏற்கெனவே இருந்தது, இரண்டாவது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். இதை அறியாமல் எண்ணைக் கூட்டிக் கணக்கிடும் மென்பொருளில் மற்ற எழுத்தெல்லாம் வரும், h மட்டும் வராது. ஒரு சமன்பாட்டில் உயரம் மட்டும் காணாமல் போயிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஒன்பதாம் கேள்வியின் பின்னம் இந்த வகையும் அல்ல. அது பல ஆண்டுகளுக்கு முன் பழைய சமன்பாட்டுத் திருத்தியில் செய்யப்பட்டு, தாளுக்குத் தாள் வெட்டி ஒட்டப்பட்டு வந்தது. அந்தத் திருத்தியை, Equation Editor 3.0, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக மைக்ரோசொப்ட் 2018 ஜனவரியில் வேர்டிலிருந்து அகற்றிவிட்டது. அதன் சமன்பாடுகள் கோப்புக்குள் ஒரு தனிப் பொருளாகவும் அதற்கு மேல் ஒரு முன்னோட்டப் படமாகவும் இருக்கும். திரையில் நாம் காண்பது அந்தப் படத்தைத்தான். அந்தப் படமும் புள்ளிகளால் ஆனதல்ல, அதற்குள்ளும் “சிம்பலில் இதை வரை, MT Extra வில் அதை வரை” என்ற கட்டளைகளே இருக்கின்றன. எழுத்துரு இல்லாத இடத்தில் அவை கெடும். இந்தப் பட வகையையே காட்டத் தெரியாத செயலியில் சமன்பாடு முழுவதும் வெற்றிடமாகும். நமக்கு நடந்தது இந்த இரண்டாவது.

இத்தகைய சமன்பாட்டைச் சொடுக்கினால் திருத்தியைத் திறக்க முடியவில்லை என்று வேர்ட் சொல்லும், அதுவே அடையாளம். புதிய வேர்ட் பதிப்புகள் சில, பழைய சமன்பாட்டை இருமுறை சொடுக்கும்போது புதிய வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். அப்படிக் கேட்டால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பின் பழைய அச்சுப் பிரதியுடன் ஒப்பிட வேண்டும். ஆசிரியரின் பதிப்பு கேட்கவில்லை. அவரிடம் இப்படிப்பட்ட தாள்கள் ஒரு பென்டிரைவ் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க நேரமில்லை என்றார். இப்போதைக்கு மடிகணினியிலிருந்து தானே பிடிஎப் செய்து அதை மட்டுமே அனுப்புகிறார். வேர்ட் கோப்பு கேட்பவர்களுக்கு, μ வரும் இடங்களை மட்டும் திருத்திய பிறகு கொடுக்கிறார்.